மூன்று கொட்டேஷன், ஒரு கம்ப்ரசர்

கம்ப்ரசர் வாங்குவதற்காக நான் எழுதிய பரிந்துரை அறிக்கையின் முதல் வரியில் கம்பெனி பெயரும் இல்லை, விலையும் இல்லை. "நம் மில்லுக்குத் தேவைப்படும் காற்று சராசரியாக நிமிடத்துக்கு 270 கன அடி" என்று மட்டும் இருந்தது. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "சார், இது கொட்டேஷன் கம்பேரிசனா, ஆராய்ச்சிக் கட்டுரையா?" என்று கேட்டார். அந்த ஓர் எண்ணை நம்பித்தான் மொத்த அறிக்கையும் நின்றது. அந்த எண் மாறினால் நான் சிபாரிசு செய்த மெஷினும் மாறியிருக்கும்.

ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் யுடிலிட்டி பிரிவு என் பொறுப்பு. கம்ப்ரசர், ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட், ஜெனரேட்டர், தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். பழைய 75 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசரில் ஏர்எண்ட் பேரிங் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. பிரித்து மாட்ட ஆறு லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். எம்.டி. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அதுக்குப் புதுசே வாங்கிருவோம். மூணு பேருகிட்ட கொட்டேஷன் வாங்கி, எது வேணும்னு ஒரு ரிப்போர்ட் குடுங்க" என்றார். "எதெது இருக்கு" என்று அவர் கேட்கவில்லை, "எது வேணும்" என்றுதான் கேட்டார். மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டு "நிர்வாகம் முடிவு செய்யலாம்" என்று நழுவுகிற அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றை எழுதியவருக்குச் சம்பளம் கொடுத்ததே வீண்.

நூற்பாலையில் காற்று எதற்கு என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். கோம்பர், டிரா ஃபிரேம் இரண்டிலும் ரோலரை அழுத்திப் பிடிப்பதற்குக் காற்று வேண்டும். எல்லாவற்றையும்விட ஆட்டோகோனருக்குத்தான் அது அவசியம். அறுந்த நூலின் இரண்டு முனைகளையும் முடிச்சுப் போடாமல், ஒரு சின்ன அறைக்குள் வைத்துக் காற்றை வேகமாக அடித்து இழைகளைப் பின்னிவிடுவது அதன் ஸ்பிளைசர். மெஷினுக்கு வந்துசேரும் அழுத்தம் 6 பாருக்குக் கீழே போனால் இணைப்பு பலவீனமாகிவிடும். நம் மில்லில் அது தெரியாது. வாங்கியவருடைய நிட்டிங் மெஷினில் போய் அறுந்து, அங்கிருந்து புகாராகத் திரும்பி வரும். அதனால் கம்ப்ரசர் விஷயத்தில் "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று பெரிதாக வாங்குவது மில்களில் பழக்கமாகிவிட்டது. பழைய 75 கிலோவாட்டும் அப்படி வந்ததுதான்.

வழக்கமாக என்ன நடக்கும் என்றால், பழைய மெஷினின் நேம்பிளேட்டைப் பார்த்து "75 கிலோவாட் கம்ப்ரசருக்கு விலை அனுப்பவும்" என்று மூன்று கம்பெனிக்கும் கடிதம் போகும். மூவரும் சந்தோஷமாக அனுப்புவார்கள். அந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒப்பிடக்கூடியவையாக இருக்கும், ஆனால் மூன்றுமே நமக்குத் தேவையில்லாதவையாக இருக்கலாம். அதனால் கொட்டேஷன் கேட்பதற்கு முன்னால் தேவையை அளந்தேன்.

முதலில் பழைய மெஷின் இப்போது எவ்வளவு காற்று தருகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. நேம்பிளேட் 460 சி.எஃப்.எம். என்றது. சி.எஃப்.எம். என்றால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி வெளிக்காற்றை உள்ளிழுத்து அழுத்தித் தருகிறது என்ற கணக்கு. இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். லைன் வால்வை மூடி, ரிசீவரை முழுவதும் காலி செய்துவிட்டு, கம்ப்ரசரை லோடு செய்து 7 பார் வரும்வரை ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்தால் போதும். ரிசீவரும் இடைப்பட்ட பைப்பும் சேர்ந்து 2.1 கன மீட்டர். நிரம்ப 78 விநாடி ஆயிற்று. 7 பார் என்பது வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 6.9 மடங்கு. எனவே உள்ளே போனது 14.5 கன மீட்டர் வெளிக்காற்று. நிமிடத்துக்கு 11.2 கன மீட்டர், அதாவது 394 சி.எஃப்.எம். ரிசீவருக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடப் பத்து டிகிரி சூடாக இருந்தது. அந்தத் திருத்தத்தைப் போட்டால் 380 ஆகிறது. 460 என்று பிளேட்டில் இருந்தாலும் கைக்கு வருவது 380தான். பேரிங் தேய்ந்த ஏர்எண்டில் இது வியப்பில்லை.

அடுத்ததாக, ஒரு வாரம் கண்ட்ரோலரில் லோடு மணிநேரத்தைக் குறித்தோம். மொத்தம் 168 மணி நேரத்தில் 119 மணி நேரம் லோடில் இருந்தது, 71 சதவீதம். 380இல் 71 சதவீதம் 270. வாடகைக்கு எடுத்த ஃபுளோ மீட்டரும் அதற்குப் பக்கத்திலேயே காட்டியது. அந்த மீட்டரால் இன்னொன்றும் தெரிந்தது: தேவை ஒரே சீராக இல்லை. பின்னிரவில் 200 வரை இறங்குகிறது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஆட்கள் ஏர் ஹோஸை எடுத்து மெஷினைச் சுத்தம் செய்யும்போது 330க்குப் பாய்கிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் பின்னால் முடிவைத் தீர்மானித்தது.

மூன்றாவது அளவை ஆயுத பூஜை விடுமுறையில் எடுத்தேன். எல்லா மெஷினும் நின்றிருக்க, லைனில் மட்டும் காற்றை ஏற்றி வைத்தோம். யாரும் உபயோகிக்காதபோது கம்ப்ரசர் லோடே ஆகக் கூடாது. ஆனால் 32 விநாடி லோடு, 168 விநாடி அன்லோடு என்று மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது. 200 விநாடியில் 32 என்றால் 16 சதவீதம், 380இல் 16 சதவீதம் 60 சி.எஃப்.எம். அவ்வளவும் லீக். கூட இருந்த ஃபிட்டர், "நம்ம லைன்ல லீக்கே கிடையாது சார், போன வருசந்தான் எல்லாத்தையும் டைட் பண்ணினேன்" என்றார். மெஷின் சத்தம் இல்லாத அந்த ஷெட்டில் இருவரும் நடந்து போனபோது, ஹோஸ் இணைப்புகளும் டிரெய்ன் வால்வுகளும் சீறுவது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவரே சோப்புத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இவ்வளவுக்கும் பிறகுதான் விசாரணைக் கடிதம் போயிற்று. அதில் எத்தனை கிலோவாட் என்று எழுதவில்லை. 7 பாரில் அதிகபட்சம் 340 சி.எஃப்.எம்., சராசரி 270, மிகக் குறைந்தது 200, வருடத்துக்கு 8,400 மணி நேரம் ஓட வேண்டும் என்று மட்டும் எழுதினேன். மூன்று கம்பெனியும் மூன்று விதமான மெஷினைக் கொடுத்தன. பெயர்களை இங்கே விட்டுவிடுகிறேன். மெஷினின் வகைதான் முக்கியம்.

முதல் கம்பெனி கொடுத்தது நாங்கள் எல்லோரும் பழகிய சாதாரண 55 கிலோவாட் ஸ்க்ரூ. ஒரே வேகத்தில் ஓடும், காற்று போதுமென்றால் அன்லோடு ஆகும். டிரையரோடு 9.2 லட்சம். இரண்டாவது கம்பெனி அதே 55 கிலோவாட்டை வி.எஃப்.டி. டிரைவோடும் பெர்மனென்ட் மேக்னட் மோட்டாரோடும் கொடுத்தது. தேவை குறைந்தால் வேகம் தானே குறையும். அது 13.4 லட்சம். மூன்றாவது கம்பெனி இரண்டு கட்டமாக அழுத்தும் மெஷினைக் கொடுத்தது. ஒரே மூச்சில் 7 பாருக்கு ஏற்றாமல், பாதியில் குளிரவைத்து மறுபடி அழுத்துவதால் அதே மின்சாரத்தில் கூடுதல் காற்று வரும். வேகம் மட்டும் மாறாது. விலை 14.2 லட்சம் என்று போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் டிரையரும் ஃபில்டரும் தனி. அதைச் சேர்த்தால் 15.8 லட்சம்.

விலையைச் சரிப்படுத்துவது அரை மணி நேர வேலை. மின்சாரக் கணக்கைச் சரிப்படுத்தத்தான் நாள் பிடித்தது. முதல் கம்பெனி "55 கிலோவாட்" என்று எழுதி நிறுத்திவிட்டது. அது மோட்டாரின் அளவே தவிர, மீட்டரில் ஓடும் அளவு இல்லை. முழு லோடில் ஷாஃப்ட்டில் 57.5 கிலோவாட் வரை போகும் என்று கேட்ட பிறகு சொன்னார்கள். மோட்டாரின் திறனால் வகுத்தால் கிட்டத்தட்ட 61. கூலிங் ஃபேன் 2.2. ஆக மொத்தம் லைனிலிருந்து எடுப்பது 63 கிலோவாட், தருவது 340 சி.எஃப்.எம். நூறு சி.எஃப்.எம்.முக்கு 18.5 கிலோவாட் ஆகிறது. இரண்டாவது கம்பெனி நூறுக்கு 17.4 என்று அழகாகப் போட்டிருந்தது. எந்த அழுத்தத்தில் என்று தேடினால், 6.5 பாரில். அழுத்தம் ஒரு பார் கூடினால் ஸ்க்ரூ கம்ப்ரசரில் மின்சாரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். அரை பாருக்கு மூன்றரை சதவீதம் சேர்த்தால் 7 பாரில் 18.0. அதுவும் நடு வேகத்தில்தான். முழு வேகத்தில் டிரைவின் இழப்பும் சேர்ந்து 18.8க்குப் போகிறது. மூன்றாவது கம்பெனி மட்டுமே முழு டேட்டா ஷீட்டைத் தானாகக் கொடுத்தது: 400 சி.எஃப்.எம்., 64 கிலோவாட், நூறுக்கு 16.0.

மூவரிடமும் ஐ.எஸ்.ஓ. 1217 என்ற பரிசோதனைத் தரத்தின்படி எழுதிக் கையெழுத்துப் போட்ட டேட்டா ஷீட் கேட்டு வாங்கினேன். அந்தத் தரத்திலேயே ஒரு சலுகை உண்டு என்பது வாங்குகிறவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. இந்த அளவு மெஷினில் காற்றில் 5 சதவீதமும், நூறு சி.எஃப்.எம்.முக்கான மின்சாரத்தில் 6 சதவீதமும் விலகலாம். விலகினாலும் மெஷின் பாஸ். அப்படியென்றால் காகிதத்தில் 3 சதவீதம், 4 சதவீதம் என்று தெரிகிற வித்தியாசத்தை வைத்து ஒரு கம்பெனியை ஜெயிக்க வைக்கக் கூடாது. நான் அறிக்கையில் இதை ஒரு தனி வரியாக எழுதி அடிக்கோடு போட்டேன்.

நூறு சி.எஃப்.எம்.முக்கான இந்த மூன்று எண்களோடு நிறுத்திக்கொண்டால் மூன்றாவது கம்பெனிதான் ஜெயிக்கும். 16.0க்கு எதிரே 18.0 நிற்க முடியாது. பெரும்பாலான ஒப்பீட்டு அறிக்கைகள் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. ஆனால் டேட்டா ஷீட்டில் இருப்பது முழு லோடில் ஓடும் மெஷின். எங்களுக்கு வேண்டியது 400இல் 270.

ஒரே வேகத்தில் ஓடும் கம்ப்ரசர் அன்லோடு ஆகும்போது நின்றுவிடுவதில்லை. காற்றுத் தராமல் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், முழு லோடில் எடுப்பதில் கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டு. முதல் மெஷினுக்கு அது 18 கிலோவாட், மூன்றாவதற்கு 19. அதுவும் அன்லோடு ஆனவுடனே அந்த அளவுக்கு இறங்காது. உள்ளே எண்ணெய்த் தொட்டியில் தேங்கியிருக்கும் அழுத்தம் மெல்ல வெளியேற வேண்டும். அது முழுதாக இறங்குவதற்குள் லைன் அழுத்தம் குறைந்து மறுபடி லோடு ஆகிவிடும். ரிசீவர் சிறியதாக இருந்தால் இந்த மாறல் அடிக்கடி நடந்து, காகிதத்தில் போட்ட 18 என்பது ஒருநாளும் கைக்கு எட்டாது. கம்ப்ரசர் பக்கத்தில் நின்று ஆம்பியர் மீட்டரைப் பார்த்தால் இது தெரியும். அன்லோடு என்று கண்ட்ரோலர் காட்டும், முள் மட்டும் அவசரப்படாமல் இறங்கும், இறங்கி முடியுமுன் திரும்ப ஏறும். இதற்காக ஒரே வேக மெஷின்கள் இரண்டுக்கும் கணக்கில் ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோவாட் வரை கூட்டினேன்.

270 சி.எஃப்.எம்.மில் வைத்துப் பார்த்தால் முதல் மெஷின் சராசரியாக 55 கிலோவாட் எடுக்கும், இரண்டாவது 49, மூன்றாவது 51. முழு லோடில் எளிதாக ஜெயித்த மூன்றாவது மெஷின் பாதி வழியில் தன் முன்னிலையை இழந்துவிட்டது. வருடம் 8,400 மணி நேரம், எங்கள் சராசரி மின் செலவு யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தால், முதல் மெஷினுக்கு வருடம் 32.3 லட்சம், இரண்டாவதற்கு 28.8, மூன்றாவதற்கு 30 லட்சம். 9.2 லட்சத்துக்கு வாங்கும் மெஷின் ஒரு வருடத்தில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் மின்சாரம் சாப்பிடுகிறது என்பதை அக்கவுண்ட்ஸ் மேனேஜர் இரண்டு தடவை கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். விலை குறைவு என்பதற்காக முதல் மெஷினை வாங்கினால் மிச்சமாகும் 4.2 லட்சமும் பதினாலு, பதினைந்து மாதத்தில் மின் பில்லில் போய்விடும். முதல் மெஷின் அங்கேயே கழிந்தது.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் உண்மையான போட்டி. 49க்கும் 51க்கும் உள்ள வித்தியாசம் 4 சதவீதம். நான் அடிக்கோடு போட்ட அந்த விலகலுக்குள் அடங்கிவிடும். அதைக் காட்டி இரண்டாவதைச் சிபாரிசு செய்தால் என் வார்த்தையே எனக்கு எதிராக நிற்கும். அப்போதுதான் எம்.டி.யிடம் போய்க் கேட்டேன், "அடுத்த வருசம் மெஷின் ஏதும் கூட்டுற எண்ணம் இருக்கா சார்?"

"ரெண்டு ஆட்டோகோனர் வாங்கலாம்னு இருக்கு. லோன் வந்தாப் பாக்கணும்" என்றார்.

எங்களிடம் ஓடும் ஆட்டோகோனரில் அளந்தபோது ஒன்றுக்கு 20 சி.எஃப்.எம். வந்தது. இரண்டுக்கு 40. ஏற்கெனவே 270 என்றால் 310. இன்னும் கூடி 330ஐத் தாண்டினால் சராசரியே 55 கிலோவாட் மெஷினின் எல்லையைத் தொட்டுவிடும். அதனால் அந்த எல்லை வரை, 330க்கு, கணக்கை ஓட்டிப் பார்த்தேன். முதல் மெஷின் 62 கிலோவாட், இரண்டாவதும் 62, மூன்றாவது 57. முழு வேகத்துக்குப் பக்கத்தில் ஓடும்போது வி.எஃப்.டி. எதையும் மிச்சப்படுத்துவதில்லை. டிரைவில் போகிற இழப்பு வேறு தலையில் விழுகிறது. "வி.எஃப்.டி. போட்டால் 30 சதவீதம் மிச்சம்" என்று சொல்லிக்கொண்டு வரும் விற்பனைப் பிரதிநிதிகளிடம் "எத்தனை சதவீத லோடில்?" என்று கேட்டால் பேச்சு கொஞ்சம் தடுமாறும். தேவை கூடுமென்றால் மூன்றாவது மெஷின் வருடத்துக்கு மூன்று லட்சம் மிச்சம் பிடிக்கும், விலையில் கூடுதலாகக் கொடுத்த 2.4 லட்சம் பத்து மாதத்தில் திரும்பிவிடும்.

ஆனால் லீக் 60 சி.எஃப்.எம். இருக்கிறதே. லீக்கை முழுதாக ஒழிக்க முடியாது. ஒன்றை அடைத்தால் இன்னொன்று பிறக்கும். 40ஐ நிறுத்தி அப்படியே தக்கவைக்க முடியும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. அப்படி நிறுத்தினால் தேவை 230க்கு வரும். அந்த அளவில் முதல் மெஷின் 50 கிலோவாட், இரண்டாவது 41, மூன்றாவது 46.5. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே இப்போது ஐந்தரை கிலோவாட். இது எந்த விலகலுக்குள்ளும் ஒளிந்துகொள்ளாது. வருடத்துக்கு 3.2 லட்சம். ஆட்டோகோனர் இரண்டும் வந்தாலும் 230 மறுபடி 270 ஆகுமே தவிர அதற்கு மேல் போகாது. லோன் வராவிட்டால் 230லேயே நிற்கும். ஆக, எங்கள் தேவை 230க்கும் 270க்கும் நடுவில்தான் இருக்கும். அந்த எல்லைக்குள் இரண்டாவது மெஷின் ஒரு முனையில் தெளிவாக ஜெயிக்கிறது, மறுமுனையில் சமமாக நிற்கிறது, விலையிலும் 2.4 லட்சம் குறைவு. அதைத்தான் எழுதினேன். அதற்கு அடுத்த வரியில், சராசரித் தேவை 290ஐத் தாண்டும் என்று நிர்வாகம் நினைத்தால் இந்தப் பரிந்துரை தவறு, மூன்றாவது மெஷினை வாங்க வேண்டும் என்றும் எழுதினேன்.

அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார் ஃபேக்டரி மேனேஜர். "நாமே சந்தேகத்தைக் கிளப்புற மாதிரி இருக்கே" என்றார். நான் எடுக்கவில்லை. விரிவாக்கத்தைப் பற்றி என்னைவிட எம்.டி.க்குத்தான் அதிகம் தெரியும். எந்த எண்ணை அவர் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் போனால், அவருக்குத் தெரிந்தது இந்த முடிவுக்குள் வர வழியே இல்லை.

நூறு மார்க் அட்டவணை போடாததும் ஃபேக்டரி மேனேஜருக்குக் குறை. விலைக்கு 40, மின்சாரத்துக்கு 30, சர்வீஸுக்கு 20, பெயருக்கு 10 என்று போட்டு, கூட்டி, அதிக மார்க் வாங்கியதைச் சிபாரிசு செய்வது பல இடங்களில் வழக்கம். விலைக்கு 50 என்று மாற்றினால் வேறு கம்பெனி ஜெயிக்கும். பிடித்த கம்பெனியை ஜெயிக்க வைக்க இதைவிட வசதியான வழி இல்லை. ரூபாயாக மாற்றக்கூடியதை எல்லாம் ரூபாயாக மாற்றினேன். மாற்ற முடியாததை மார்க் ஆக்காமல் வாக்கியமாக எழுதினேன்.

அப்படி வாக்கியமாக எழுதியவை பெரும்பாலும் நான் தேர்ந்தெடுத்த மெஷினின் குறைகள். சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் எரிந்தால் ஊரிலேயே ரீவைண்டிங் கடையில் கொடுத்து ஒன்றிரண்டு நாளில் வாங்கி மாட்டிவிடலாம். பெர்மனென்ட் மேக்னட் மோட்டாரை அந்தக் கடைகளில் தொட மாட்டார்கள். கம்பெனிக்குத்தான் போக வேண்டும். டிரைவ் என்பது எலெக்ட்ரானிக்ஸ். கம்ப்ரசர் ரூம் சூடு அதற்கு ஆகாது. நூற்பாலையில் பஞ்சுத் தூசி எல்லா இடத்திலும் நுழையும், டிரைவின் கூலிங் ஃபில்டரில் போய் அப்பிக்கொண்டால் உள்ளே சூடு ஏறி ட்ரிப் ஆகிவிடும். ட்ரிப் ஆனால் மில் நிற்கும். இதையெல்லாம் மறைத்து எழுதி, முதல் கோடையில் மெஷின் நின்றபோது எம்.டி. கேட்டால் என்ன சொல்வது?

அதனால் குறை ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நிபந்தனை வைத்தேன். பழைய 75 கிலோவாட்டை விற்காமல் பேரிங் மட்டும் மாற்றி ஸ்டாண்ட்பையாக வைத்துக்கொள்வது. மேக்னட் மோட்டார் கம்பெனிக்குப் போய்த் திரும்பும்வரை மில்லைக் காப்பாற்ற வேறு வழியில்லை. அதற்கான செலவையும் பரிந்துரையின் மொத்தத் தொகையில் சேர்த்தேன். டிரைவ் கார்டு மதுரையிலோ கோவையிலோ கையிருப்பில் இருக்க வேண்டும், கூப்பிட்டு 24 மணி நேரத்துக்குள் சர்வீஸ் ஆள் வர வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுவது. எண்ணெய், செப்பரேட்டர், ஃபில்டர் விலையை ஐந்து வருடத்துக்கு இப்போதே கட்டிவிடுவது. இந்தக் கடைசி நிபந்தனைக்கு கம்பெனிக்காரர்கள் சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. மெஷினை விலை குறைத்துக் கொடுத்துவிட்டு எண்ணெயிலும் உதிரி பாகத்திலும் பிடிப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். ஆர்டர் கையெழுத்தாகும் வரைதான் வாங்குகிறவன் கை ஓங்கியிருக்கும். மறுநாளிலிருந்து அவர்கள் சொல்வதுதான் விலை.

இன்னொரு நிபந்தனை, எங்கள் இடத்தில் அளந்து காட்ட வேண்டும் என்பது. ஃபேக்டரி சர்டிஃபிகேட் போதாது. 270 சி.எஃப்.எம். பக்கத்தில் நூறுக்கு 18.0 கிலோவாட் என்று உத்தரவாதம், 6 சதவீத விலகலுக்கு மேல் போனால் பிடித்து வைத்திருக்கும் 5 சதவீதத் தொகை கிடைக்காது. 13.4 லட்சத்தில் 5 சதவீதம் 67,000 ரூபாய். பெரிய தொகை இல்லைதான், ஆனால் அளந்து பார்ப்பார்கள் என்று தெரிந்தால் அனுப்புகிற மெஷினே வேறு மாதிரி இருக்கும்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் ஐந்து வரிதான். தேவை எவ்வளவு, எதை வாங்குவது, என்ன விலை, என்ன நிபந்தனை, எந்த எண் மாறினால் முடிவு மாறும். எம்.டி. அந்தப் பக்கத்தை மட்டும்தான் படிப்பார். மற்றவர்கள் தங்களுக்கு வேண்டிய பக்கத்தைத் தேடிப் போவார்கள். கூட்டத்தில் எம்.டி. ஒரே கேள்விதான் கேட்டார்: "மூணாவது கம்பெனியோட ரெண்டு கட்ட மெஷின்லயே இந்த வி.எஃப்.டி.யையும் போட்டா ரெண்டு லாபமும் வருமே, அது ஏன் இல்ல?" அது நியாயமான கேள்வி. அதற்கும் விலை வாங்கி வைத்திருந்தேன், 21 லட்சம். 270இல் 44 கிலோவாட்தான் எடுக்கும். நான் சொல்கிற மெஷினைவிட 5 கிலோவாட் குறைவு, வருடத்துக்கு 2.9 லட்சம் மிச்சம். கூடுதல் விலை 7.6 லட்சம். திரும்பி வர இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும். எங்கள் மில்லில் மின்சார மிச்சத்துக்காகப் போடும் பணம் இரண்டு வருடத்தில் திரும்ப வேண்டும் என்பது எம்.டி.யே போட்ட விதி. "விதிய நீங்க மாத்தினா நான் அதையே சிபாரிசு பண்றேன் சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டாவது மெஷினுக்குக் கையெழுத்துப் போட்டார்.

கழிந்துபோன இரண்டு கம்பெனிக்கும் காரணத்தை எழுதிக் கடிதம் போட்டேன். மில்களில் அந்தப் பழக்கம் அவ்வளவாக இல்லை. முதல் கம்பெனிக்காரர் போன் செய்து, "நாங்க லீஸ்ட் ரேட்டுதானே சார்" என்றார். மூன்றாவது கம்பெனியின் இளம் இன்ஜினியர் நேரிலேயே வந்து என் லோடு கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அன்லோடுக்கு நான் கூட்டிய ஒன்றரை கிலோவாட் அதிகம், இன்னொரு 2 கன மீட்டர் ரிசீவர் போட்டால் அது பாதியாகும் என்றார். அவர் சொன்னது சரி. சேர்த்துப் பார்த்தேன். 230இல் 46.5 என்பது 46க்கு வந்தது. முடிவு மாறவில்லை, ஆனால் அவர் கொடுத்த யோசனையை எடுத்துக்கொண்டோம். ஷிப்ட் நேரத்தில் ஏறும் 330ஐத் தாங்குவதற்கு அந்தப் பெரிய ரிசீவர் எந்த மெஷினுக்கும் உதவும்.

மெஷின் வந்து ஒரு மாதம் ஓடிய பிறகு ஃபுளோ மீட்டரை மறுபடி வாடகைக்கு எடுத்துக் கம்பெனி ஆட்களை வைத்துக்கொண்டே அளந்தோம். காற்று 262 சி.எஃப்.எம்., மின்சாரம் 47.9 கிலோவாட். நூறுக்கு 18.3. உத்தரவாதத்தைவிடக் கொஞ்சம் கூட, விலகலுக்குள். 67,000 ரூபாயை விடுவித்தோம். லீக்கில் அதுவரை 20தான் அடைத்திருந்தோம். ஆட்டோகோனர் ஒன்று வந்துவிட்டது, இன்னொன்றுக்கு லோன் பேச்சு நடக்கிறது. கம்ப்ரசர் ரூம் லாக் புக்கில் ஒவ்வொரு மாதமும் சராசரி சி.எஃப்.எம். எழுதும்படி சூப்பர்வைசரிடம் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதன் தலைப்பில் சிவப்பு மையில் 290 என்று இருக்கிறது.